இரண்டு வெள்ளைத் துணி, இரண்டுமே ‘60’: நூலை உருவி கவுண்டையும் முறுக்கையும் நாமே பார்ப்பது எப்படி

மார்கழி சீசனுக்கு முன்னால் ஒரு கேன்டீன்காரர் பரிமாறும் பையன்களுக்காக நாற்பது வெள்ளை அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் நான்கு மெஷின் போட்டுத் தைக்கும் சின்ன யூனிட் என்னுடையது, துணி எப்போதும் கோடவுன் தெருவில்தான் எடுப்பேன். அன்றைக்குப் போன கடையில் ஒரு தானை விரித்துப் போட்டு, “60 கவுண்ட் சார், கையை வெச்சுப் பாருங்க, வெண்ணெய்” என்றார்கள். கையை வைத்தேன், வெண்ணெய்தான். பதினைந்து சலவை தாண்டியதும் கேன்டீன்காரர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பொரிக்காத அப்பளம் மாதிரி விறைப்பு, அதன் மேலே மங்கலாகப் பிசிர். ஒன்றும் பேச முடியவில்லை, மறுபடி வேறு கடையில் மீட்டருக்கு நாற்பது ரூபாய் கூடக் கொடுத்து “2/60” என்று சொன்ன துணியில் தைத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டைகள் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

இரண்டு துணியும் பார்வைக்கு ஒரே கனம், ஒரே நெருக்கம், இரண்டிலும் ‘60’ என்ற எண். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள மீதி இருந்த துண்டுகளிலிருந்து நூலை உருவி எடை போட்டேன், முறுக்கை எண்ணினேன். அதற்கு ஒரு அளவுகோல், ஒரு குண்டூசி, கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு, ஒரு கறுப்பு அட்டை, அரை நாள் பொறுமை போதும்.

முதலில் அந்த எண்

பருத்தி நூலில் கவுண்ட் என்பது ஒரு படி மாவில் எத்தனை தோசை வார்க்கலாம் என்கிற மாதிரிக் கணக்கு. மாவு அதே ஒரு படிதான், தோசை எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு தோசையும் மெலிதாகிவிட்டது என்று அர்த்தம். இங்கே மாவு என்பது ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் நூல். தோசை என்பது 840 கஜம் நீளமுள்ள ஒரு சிட்டம், மீட்டரில் 768. ஒரு பவுண்டில் முப்பது சிட்டம் வந்தால் அது 30-ஆம் நம்பர் நூல், அறுபது வந்தால் 60-ஆம் நம்பர். அதனால் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். 30-ஆம் நம்பரில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 23 கிலோமீட்டர் நூல் கிடைக்கும், 60-இல் அதைப்போல் இரண்டு மடங்கு.

பட்டிலும் பாலியஸ்டரிலும் இது தலைகீழ். அங்கே நீளத்தை நிறுத்தி வைத்து எடையைப் பார்ப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர், 1,000 மீட்டர் எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். இதில் எண் ஏறினால் நூல் தடிமன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, 5315-ஐப் பருத்திக் கவுண்டால் வகுத்தால் டெனியர், 590-ஐ வகுத்தால் டெக்ஸ். 30-ஆம் நம்பர் பருத்தி நூல் ஏறக்குறைய 177 டெனியர், 60-ஆம் நம்பர் 89 டெனியர்.

என்னை விழவைத்தது அந்தச் சாய்கோடுதான். பருத்தியில் 2/60 என்றால் 60-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல், இரண்டு பிரி. இரண்டு சேர்ந்ததால் தடிமன் இரண்டு மடங்கு, எனவே எடை போட்டால் அது 30-ஆம் நம்பராகத்தான் காட்டும். அதனால் ஒற்றை 30-இல் நெய்த துணியும் 2/60-இல் நெய்த துணியும் ஒரே கனத்தில் இருக்கும். சிலர் 2/60-ஐச் சுருக்கமாக ‘60’ என்று சொல்வார்கள், சிலர் ஒற்றை 30-ஐ அதன் பக்கத்தில் வைத்து அதே பெயரில் தள்ளிவிடுவார்கள், கையில் எடுத்தவனுக்குக் கனம் ஒன்றாக இருப்பதால் சந்தேகமே வராது. நிஜமான ஒற்றை 60-இல் அதே நெருக்கத்தில் நெய்திருந்தால் துணி பாதிக் கனம்தான் இருக்கும், வெள்ளைச் சட்டைக்குள் பனியன் அப்படியே தெரியும்.

இதே சாய்கோடு வேறு இடத்தில் வேறு பொருள் தரும். காஞ்சிபுரத்துப் பட்டு நூலில் 20/22 என்றால் பிரிக் கணக்கு இல்லை, 20-க்கும் 22-க்கும் நடுவே உள்ள டெனியர் என்று அர்த்தம், ஏனென்றால் புழு நூற்கும் இழை ஒரே சீராக வராது. பாலியஸ்டரில் 75/36 என்றால் 75 டெனியர் நூலுக்குள் 36 மெல்லிய இழைகள். அதே 75 டெனியருக்குள் 72 இழை இருந்தால் துணி இன்னும் மிருதுவாக இருக்கும். இதோடு கடையில் 58, 60 என்று சொல்வது சில சமயம் அங்குலத்தில் துணியின் அகலமாகவும் இருக்கும், அதையும் ஒரு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முறுக்கு என்ன செய்கிறது

வீட்டில் விளக்குத் திரி போடும் பஞ்சில் கொஞ்சம் எடுத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நார்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்து வந்துவிடும். அதையே உள்ளங்கையில் வைத்து உருட்டித் திரியாக்கிவிட்டு இழுத்தால் தாங்கும். முறுக்கியதால் நார்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, அந்த உராய்வுதான் பலம். இன்னும் முறுக்கினால் இன்னும் பலம். ஆனால் ஓர் இடத்துக்குமேல் போனால் நார்கள் நூலின் நீளத்துக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றுவிடும், இழுக்கும்போது அவற்றின் வலுவில் ஒரு பங்குதான் நமக்கு உதவும். அதற்கப்புறம் முறுக்க முறுக்கப் பலம் குறைய ஆரம்பிக்கும், நூல் விறைக்கும், தளர்த்தினால் தானே சுருண்டு முடிச்சாகும். அந்த உச்சிக்கு முன்னாலேயே கையின் மிருது குறையத் தொடங்கிவிடும். மிருதுக்குச் சரியான முறுக்கும் பலத்துக்குச் சரியான முறுக்கும் ஒன்றில்லை, நூற்பாலையில் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோதான் நிறுத்துகிறார்கள்.

முறுக்கை அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு நூலை ஒப்பிட முடியாது. கபாலீஸ்வரர் கோவில் தேர் வடத்தைப் பாருங்கள், அதில் அங்குலத்துக்கு ஒரு முறுக்குகூட இருக்காது, ஆனாலும் கெட்டியாக முறுக்கிய கயிறுதான். தடிமனான நூலில் நார் ஒரு சுற்றுப் போய்வர நிறைய நீளம் வேண்டும், சன்னமான நூலில் அதே சாய்வுக்கு நிறையச் சுற்றுகள் வேண்டும். அதனால் அங்குல முறுக்கைக் கவுண்டின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். வரும் எண்ணை மில்லில் டி.எம். என்பார்கள். எந்த நம்பர் நூலாக இருந்தாலும் முறுக்கின் கெட்டியை ஒரே அளவில் பார்க்க இது உதவும். பனியன் நூல் 3.2 முதல் 3.6 வரை, துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் 3.5-இலிருந்து 4 வரை, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் 4 முதல் 4.5 வரை இருப்பது வழக்கம். ‘வாயில்’ என்கிற மெல்லிய துணிக்கு 5.5, அதற்கு மேலும் போகும். சொரசொரப்பான கிரேப் இன்னும் மேலே.

முறுக்குக்குத் திசையும் உண்டு. நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் இழைகள் Z எழுத்தின் நடுக்கோடு மாதிரிச் சாய்ந்திருக்கும், அல்லது S மாதிரி. ஒற்றை நூலைப் பெரும்பாலும் Z திசையில் நூற்கிறார்கள், இரட்டையாக்கும்போது எதிர்த்திசையில், S ஆக முறுக்குகிறார்கள். 2/60 துணியின் கதை இந்த எதிர்த்திசையில்தான் இருக்கிறது, கீழே கணக்கோடு வருகிறது.

துண்டைத் தயார் செய்வது

கரை உள்ள பக்கமாகக் கால் மீட்டர் துணி எடுங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. முதல் வேலை துவைப்பது. பாவு நூலுக்கு நெசவின்போது கஞ்சி ஏற்றியிருப்பார்கள், அது சரியாகப் போகாத துணியில் நூல் எடை கூடிக் கவுண்டு குறைவாகக் காட்டும். கடையில் கையை ஏமாற்றும் சிலிக்கான் மென்மையூட்டியும் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, இஸ்திரி போடாமல் காயப்போடுங்கள். காய்ந்ததும் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள், முதல் துணியின் ‘வெண்ணெய்’ எனக்கு இந்தக் கட்டத்திலேயே போய்விட்டது. வாங்குவதற்கு முன்னால் இதை மட்டும் செய்திருந்தாலே நாற்பது சட்டை தப்பியிருக்கும்.

சென்னையில் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். சோதனைக்கூடங்களில் இந்தியத் தரப்படி 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டு நூலை அந்த அறையில் ஊறவிட்டுத்தான் எடை போடுவார்கள். கார்த்திகை மழையில் ஜன்னல் ஓரம் கிடந்த நூலைப் போட்டால் இரண்டு மூன்று சதவீதம் எடை கூடும், 30-ஆம் நம்பர் 29 மாதிரித் தெரியும். நான் ஏசி ஓடும் அறையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடை போடுவேன். இரண்டு துணியை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் போடுங்கள், அப்போது மழையாக இருந்தாலும் ஒப்பீடு கெடாது.

நூலை உருவி எடை போடுவது

துண்டில் சரியாக 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் பென்சிலால் குறித்து, நூலின் போக்கிலேயே வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் ஓரத்து நூல்கள் நீளம் குறைந்திருக்கும், அதனால் முதல் பத்து நூலை உருவித் தூக்கிப்போட்டுவிடலாம். அதற்கப்புறம் குண்டூசியால் ஒவ்வொன்றாக உருவி நூறு பாவு நூல் எடுத்துக் கறுப்பு அட்டையில் வையுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் நூல் நீண்டுவிடும், முறுக்கும் கொஞ்சம் அவிழும்.

நெய்த நூல் நேராக இருக்காது, மேலும் கீழும் வளைந்து போயிருக்கும். அதனால் 20 சென்டிமீட்டர் துணியிலிருந்து வந்த நூல் நேராக்கினால் 21-க்கு மேல் வரும். நூறில் பத்து நூலை எடுத்து, வளைவு மட்டும் போகிற அளவுக்கு மெதுவாக நீட்டி அளவுகோலில் வைத்து அளந்து சராசரி எடுங்கள். என் முதல் துணியில் 21.2 வந்தது, இரண்டாவதில் 21.4. நூறு நூலுக்கு 21.2 மீட்டர், 21.4 மீட்டர். இந்த நீளத்தை விட்டுவிட்டு 20 என்றே போட்டுக் கணக்குப் பார்த்தால் கவுண்டு ஆறேழு சதவீதம் பிழையாக வரும், நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

நூறையும் சின்ன உருண்டையாக்கித் தராசில் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு. கணக்கு இவ்வளவுதான்:

கவுண்ட் = 0.59 × நீளம் மீட்டரில் ÷ எடை கிராமில்

முதல் துணி 0.40 கிராம். 0.59-ஐ 21.2-ஆல் பெருக்கி 0.40-ஆல் வகுத்தால் 31.3. இரண்டாவது 0.41 கிராம், கவுண்ட் 30.8. இரண்டு தசமத் தராசில் கடைசி இலக்கம் அரை அளவு இப்படி அப்படி ஆனாலும் கவுண்டு அரை நம்பர்தான் மாறும், நமக்கு அது போதும். நூறு நூலுக்குப் பதிலாக இருபது மட்டும் எடுத்திருந்தால் அதே பிழை ஐந்து மடங்காகி 29-ஆ 34-ஆ என்றே தெரியாமல் போயிருக்கும். மில்லில் ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள உருளையில் எண்பது சுற்று, அதாவது 120 கஜம் சுற்றி எடை போடுவார்கள், அத்தனை நீளம் துணியிலிருந்து நமக்குக் கிடைக்காது.

31.3, 30.8 என்றால் இரண்டுமே 30-ஆம் நம்பர் கனம்தான். வெளுக்கும்போது பருத்தியின் மெழுகும் அழுக்கும் போய்ச் சில சதவீதம் எடை குறையும், அதனால் வெளுத்த துணியில் ஒன்றிரண்டு நம்பர் கூடத் தெரிவது இயல்பு. 31.3 வந்ததால் 31-ஆம் நம்பர் நூல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஊடை நூலையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள், பாவில் நல்ல நூல் போட்டு ஊடையில் கைவைப்பது உண்டு. என் இரண்டு துணியிலும் பாவும் ஊடையும் ஒன்றாகவே இருந்தன.

ஒற்றையா, இரட்டையா

இதற்குத் தராசு வேண்டாம். ஒரு நூலின் இரண்டு முனையையும் இரண்டு கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலுக்கு நடுவே பிடித்து, ஓர் அங்குல இடைவெளி விட்டு, முறுக்கு அவிழும் திசையில் உருட்டுங்கள். இரட்டை நூலாக இருந்தால் நடுவில் இரண்டு தனி நூலாகப் பிரிந்து நிற்கும், குண்டூசியை நடுவே நுழைக்கலாம். ஒற்றையாக இருந்தால் பஞ்சாக விரிந்து, மெல்ல இழுத்தவுடன் சத்தமில்லாமல் பிரிந்துபோகும்.

முதல் துணியில் பஞ்சு. இரண்டாவதில் இரண்டு நூல்.

கடையிலேயே, பில் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடலாம், கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும்.

முறுக்கை எண்ணுவது

இரட்டை நூல் சுலபம், அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மரப்பலகையில் நூலின் ஒரு முனையை டேப் போட்டு ஒட்டி, சரியாக நான்கு அங்குலம் தள்ளி மறுமுனையை ஒரு தீக்குச்சியின் நுனியில் ஒட்டுங்கள். தீக்குச்சியின் ஒரு பக்கத்தில் பேனாவால் கோடு போட்டால் சுற்று எண்ண வசதி. நூல் தொய்யாமல் லேசாக இழுத்துப் பிடித்தபடி அவிழும் திசையில் சுற்றுங்கள். குண்டூசியை இரண்டு பிரிக்கும் நடுவே நுழைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் நகர்த்த முடிகிறபோது நிறுத்துங்கள். என் 2/60 நூலில் 72 சுற்று வந்தது, நான்கால் வகுத்தால் அங்குலத்துக்கு 18.

ஒற்றை நூலில் எங்கே முறுக்கு முழுதாக அவிழ்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. முறுக்கு அவிழ அவிழ நூல் நீளும். அவிழ்ந்து முடிந்தபின் அதே திசையில் தொடர்ந்து சுற்றினால் எதிர்முறுக்கு ஏறி மறுபடி குறுகும். அதனால் ஆரம்பத்தில் தீக்குச்சி நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, குச்சி சற்று வெளியே நகர்ந்து திரும்பவும் அதே குறிக்கு வந்து நிற்கும் வரை சுற்ற வேண்டும். வந்த எண்ணிக்கையில் பாதிதான் நூலின் முறுக்கு. நடுவில், முறுக்கே இல்லாத கட்டத்தில் நூல் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு, அங்கே இழுவையைத் தளர்த்துங்கள். எனக்கு முதல் ஐந்து நூல் பிரிந்தே போயின. குறைந்தது பத்து நூல் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒற்றை நூலில் சன்னமான இடத்தில் முறுக்கு குவியும், தடித்த இடத்தில் குறையும்.

முதல் துணியில் சராசரி 192 சுற்று. பாதி 96, நான்கால் வகுத்தால் அங்குலத்துக்கு 24. கவுண்ட் 31.3-இன் வர்க்கமூலம் 5.6. எனவே டி.எம். ஏறக்குறைய 4.3. இரண்டாவது துணியில் பிரித்த ஒரு பிரியை மட்டும் இதே மாதிரி எண்ணினேன், அங்குலத்துக்கு 32. அந்தப் பிரியின் கவுண்ட் 61.6, வர்க்கமூலம் 7.85, டி.எம். 4.1-க்குச் சற்றுக் குறைவு.

எண்கள் சொல்லும் கதை

4.3-க்கும் 4.1-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, அப்புறம் ஏன் ஒன்று அப்பளம், ஒன்று பட்டு மாதிரி? இங்கேதான் அந்த எதிர்த்திசை வருகிறது. 2/60 நூலில் ஒவ்வொரு பிரியும் நூற்றபோது அங்குலத்துக்கு 32 முறுக்கு Z திசையில் ஏற்றியிருந்தார்கள். அதன்மேல் இரண்டையும் சேர்த்து 18 முறுக்கு S திசையில் போட்டபோது, ஒவ்வொரு பிரியிலிருந்தும் ஏறக்குறைய 18 முறுக்கு அவிழ்ந்துவிட்டது. துணிக்குள் இருக்கும் நிலையில் பிரியில் மிச்சம் சுமார் 14 முறுக்குதான். (நான் எண்ணியபோது 32 வந்ததற்குக் காரணம், இரட்டை முறுக்கை அவிழ்த்ததும் பிரி தன் பழைய முறுக்கைத் திரும்பப் பெற்றுவிடுகிறது.) அதனால் மேற்பரப்பில் உள்ள நார்கள் நூலின் நீளத்துக்கு ஏறக்குறைய நேராகப் படுத்திருக்கின்றன. நேராகப் படுத்த நாரில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பும், அதுதான் அந்த மினுமினுப்பு. பிரி தளர்ந்திருப்பதால் மிருது. நார் வழுக்கிப் போகாமல் பிடித்து வைப்பது ஒன்றை ஒன்று சுற்றியிருக்கும் அந்த இரட்டை முறுக்கு, அதனால் மிருதுக்காகப் பலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்த நூலும் அதன் சன்னமான இடத்தில்தான் அறும். இரண்டு நூலைச் சேர்க்கும்போது இரண்டின் சன்னமான இடமும் ஒரே இடத்தில் வந்து விழுவது அரிது. ஒன்றின் குறையை மற்றது மூடும். துணியைச் சூரிய வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும், என் முதல் துணியில் மேகம் மேகமாகத் திட்டு, இரண்டாவதில் அது மிகக் குறைவு.

ஒற்றை 30 ஏன் 4.3 வரை முறுக்கப்பட்டது? 30-ஆம் நம்பர் நூலைக் குட்டையான நாரில் நூற்க முடியும். குட்டை நார் ஒன்றையொன்று பற்றும் நீளம் குறைவு, அதனால் பலம் வேண்டுமானால் முறுக்கைக் கூட்டித்தான் ஆக வேண்டும். கூட்டிய முறுக்கு நூலைக் கம்பி மாதிரி விறைக்க வைக்கும், குட்டை நார்களின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். முதலில் சிலிக்கான் அவற்றைப் படிய வைத்திருந்தது. சலவையில் அது போனதும் உள்ளே இருந்த விறைப்பும் வெளியே இருந்த பிசிரும் சேர்ந்து தெரிந்தன. 60-ஆம் நம்பரைக் குட்டை நாரில் சுலபமாக நூற்க முடியாது. சன்னமான நூலின் குறுக்குவெட்டில் நார்களின் எண்ணிக்கையே குறைவு, ஒவ்வொன்றும் நீளமாக, மெலிதாக இருந்தாக வேண்டும். அதற்கு எம்சியூ 5 மாதிரி நீள நார் பருத்தி தேவை. எம்சியூ என்பது மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம், நம் ஊர்ப் பெயர் அதில் முதலில் இருக்கிறது. நீளமான பருத்தி, குட்டை நாரைச் சீவி எடுக்கும் செலவு, இரட்டையாக்கும் கூலி, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கூடுதல் நாற்பது ரூபாய்.

அதற்காக ஒற்றை 30 மோசம் என்று சொல்லவில்லை. நீள நாரில், 4-க்குக் கீழே முறுக்கி நூற்ற ஒற்றை 30 நல்ல துணியாகும், பைஜாமாவுக்கும் ஏப்ரனுக்கும் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

முறுக்கு கூடுவதும் நல்லதாகும் இடம்

சென்னை வெயிலுக்கு வாயில் புடவை ஏன் சுகம் என்பதற்கும் இதே முறுக்குதான் பதில். மெல்லிய நூலை 5.5-க்கு மேல் முறுக்கினால் அது இறுகிச் சின்னதாகிவிடும், நூலுக்கும் நூலுக்கும் நடுவே வெளி விடும், பிசிர் அந்த வெளியை அடைக்காது. காற்று உள்ளே போய்வரும், வியர்வையில் நனைந்தாலும் துணி உடம்பில் முழுதாக ஒட்டாமல் கொஞ்சம் துள்ளலாக நிற்கும். அதே நூலை 3.5 முறுக்கில் நூற்று நெய்தால் பஞ்சு பூத்து வெளியெல்லாம் மூடிப் போர்வை மாதிரியாகிவிடும். கையில் மிருது, தி.நகர் கூட்டத்தில் கட்டிக்கொண்டு போனால் வேர்த்துக் கொட்டும்.

பனியனில் பிரச்சினை வேறு. துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் ஒற்றை நூலில் மிச்சமிருக்கும் திருகு. நனைந்ததும் நூல் தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும், பின்னலின் கண்ணிகள் அதோடு சாயும். கோன் நூல் கையில் கிடைத்தால் அரை மீட்டர் எடுத்து இரண்டு முனையையும் பிடித்துக் கைகளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். நடுவில் தானே சுருண்டு கயிறானால் திருகு இருக்கிறது, வளைந்து சும்மா தொங்கினால் அடங்கிய நூல்.

இன்னொன்று, சாயம் போட்ட துணியில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிவது. ஒரு குர்தா ஆர்டரில் எனக்கு அது வந்தது, சாயக்காரர்தான் கெடுத்தார் என்று நினைத்தேன். பட்டைக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஊடை நூல் எடுத்துப் பார்த்தால் கவுண்டு ஒன்றுதான், முறுக்கு மட்டும் அங்குலத்துக்கு மூன்று வித்தியாசம். தறியில் இரண்டு வேறு லாட் கோனைக் கலந்திருக்கிறார்கள். முறுக்கு மாறினால் சாயம் ஏறுவதும் வெளிச்சம் திரும்புவதும் மாறும், வெள்ளைத் துணியாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது.

இந்த முறை ஏமாற்றும் இடங்கள்

வேகமாகச் சுழலும் கிண்ணத்துக்குள் நார்களைச் சேர்த்து நூற்கும் ஓப்பன் எண்ட் நூலில் முறுக்குக் கணக்கு சரிவராது. அதன் மேலே நார்கள் அங்கங்கே பட்டி கட்டினாற்போல் சுற்றியிருக்கும், அவை அவிழாமல் பிடித்துக்கொள்ளும், நாம் எண்ணுவது நிஜ முறுக்கைவிடக் குறைவாக வரும். அந்தப் பட்டிகள் லென்ஸில் தெரிந்தால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். லைக்ரா கலந்த நூலில் நீளமே நிலையாக நிற்காது, இழுத்த அளவுக்கு நீளும், கவுண்டும் அதோடு ஓடும். முறுக்கில்லாத பாலியஸ்டர் இழை நூலில் எடை போட்டு டெனியர் பார்க்கலாம், முறுக்கு என்று எண்ண அங்கே ஒன்றுமில்லை. பெரிய ஆர்டர், பணம் சிக்கியிருக்கிறது, கடைக்காரரிடம் எழுத்தில் காட்ட வேண்டும் என்றால் வீட்டுத் தராசு செல்லாது, கோவை சிட்ரா மாதிரி ஒரு சோதனைக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

போன மாதம் அதே கோடவுன் தெருவில் இன்னொரு கடையில் “60 சார்” என்றார்கள். ஓரத்திலிருந்து ஒரு பாவு, ஒரு ஊடை உருவி, கட்டைவிரலால் அவிழ்த்துக் காட்டினேன். பாவில் இரண்டு பிரி, ஊடையில் ஒற்றை. கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஊடை மட்டும் 30 சார்” என்றான். மீட்டருக்குப் பதினைந்து ரூபாய் குறைத்துக்கொண்டு, ஏப்ரனுக்கு எடுத்துக்கொண்டேன்.